டேபில் ஸ்கிரீன்ஷாட் நிரம்பி வழிகிறதா? மெமரி கார்டுக்கு மாற்ற நான்கு வழிகள், எது யாருக்கு

திருப்பூர்ப் பக்கம் எந்த எக்ஸ்போர்ட் ஆபீசுக்குள் போனாலும் மெர்ச்சண்டைசர் மேசையில் ஒரு டேப் கிடக்கும். பையர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திருத்தம், டெக் பேக்கின் ஒரு பக்கம், மெஷர்மென்ட் சார்ட், பிரிண்ட் டிசைன், பேக்கிங் அப்ரூவல் எல்லாம் அதில் ஸ்கிரீன்ஷாட்டாக விழுந்துகொண்டே இருக்கும். நாலைந்து மாதம் போனதும், "டேப்ல எடம் இல்லைன்னு வருதுங்கண்ணா, ஸ்கிரீன்ஷாட்டே சேவ் ஆக மாட்டேங்குது" என்ற பேச்சு வரும். உடனே கடைக்கு ஓடி ஒரு கார்டு வாங்கிப் போடுவார்கள். கார்டு காலியாகவே இருக்கும், டேப் மட்டும் நிரம்பியே இருக்கும்.

காரணம் எளியது. கார்டைப் போட்டதால் ஸ்கிரீன்ஷாட் அங்கே போய்விடாது. பலர் ஃபைல் மேனேஜரில் Screenshots ஃபோல்டரையே வெட்டிக் கார்டில் ஒட்டிவிட்டு, இனி எல்லாம் அங்கே விழும் என்று நினைக்கிறார்கள். அடுத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்த நொடியில் ஆண்ட்ராய்டு அதே பெயரில் புதிய ஃபோல்டரை உள் நினைவகத்தில் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். ஸ்கிரீன்ஷாட்டை எழுதுவது ஆண்ட்ராய்டின் சொந்த நிரல். முதன்மை நினைவகத்தில் இந்த முகவரி என்று அது பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான டேப்களில் அது Pictures/Screenshots, சாம்சங்கில் DCIM/Screenshots. கேமரா செயலியில் "கார்டில் சேமி" என்று போட்டு வைத்திருந்தாலும் அது கேமரா படங்களுக்கு மட்டும்தான். ஸ்கிரீன்ஷாட் அந்த அமைப்பைத் திரும்பிப் பார்க்காது.

ஆகவே வழி நான்கு. சேமிக்கும் இடத்தையே மாற்றுவது, கையால் அவ்வப்போது நகர்த்துவது, செயலி வைத்துத் தானாக நகர்த்துவது, கார்டையே உள் நினைவகமாக மாற்றிவிடுவது. இவற்றில் எது என்று பார்க்கும் முன் எதை வைத்து முடிவெடுப்பது என்று சொல்லிவிடலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, கார்டு செத்துப்போனால் என்ன போகும்? மெமரி கார்டு டேபின் உள் நினைவகத்தைவிட முன்னதாகவே பழுதாகும் பொருள். ஷிப்மென்ட் போன பிறகு பையர் டெபிட் நோட் போடும்போது எடுத்துக் காட்டவேண்டிய அப்ரூவல் அதில் மட்டும் இருந்தால், அந்த வழி மலிவானதல்ல.

இரண்டாவது, யார் ஞாபகம் வைத்துச் செய்யவேண்டும்? ஒரே ஆள் ஒரே டேப் என்றால் கையால் நகர்த்துவது நடக்கும். மூன்று பேர் மாறி மாறிக் கையாளும் டேபில் "சனிக்கிழமை சனிக்கிழமை நகர்த்திடணும்" என்ற ஏற்பாடு இரண்டாவது வாரமே மறந்துபோகும்.

மூன்றாவது, கார்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் படிக்கவேண்டுமா? இந்த ஒரு கேள்வியிலேயே நான்காவது வழி பலருக்கு அடிபட்டுவிடும்.

நான்காவது, எடுத்த ஸ்கிரீன்ஷாட் எத்தனை நாள் கையோடு தேவை? அன்றைக்கே அனுப்பி முடிந்துவிடும் படத்துக்கும், ஆர்டர் முடியும் வரை தினமும் திறந்து பார்க்கும் மெஷர்மென்ட் சார்ட்டுக்கும் ஒரே ஏற்பாடு சரிப்படாது.

## முதலில் அளந்து பாருங்கள்

கார்டு வாங்குவதற்கு முன், இடத்தைத் தின்பது ஸ்கிரீன்ஷாட்தானா என்று பார்த்துவிடுங்கள். ஃபைல் மேனேஜரில் Screenshots ஃபோல்டரை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் மொத்த அளவும் எண்ணிக்கையும் வரும். கணினியில் ஏடிபி வைத்திருப்பவர்கள், யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டு இப்படிக் கேட்கலாம்:

```
adb shell du -sh /sdcard/DCIM/Screenshots
adb shell du -sh /sdcard/Pictures/Screenshots
```

இரண்டில் ஒன்று "அப்படியொரு ஃபோல்டர் இல்லை" என்று சொன்னால் பிழையில்லை. உங்கள் டேப் மற்றதைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 32 ஜிபி டேப், திரை 1920×1200. ஆண்ட்ராய்டும் செயலிகளும் போக 12 ஜிபி மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 50 ஸ்கிரீன்ஷாட், சராசரி 2 எம்பி என்றால் நாளுக்கு 100 எம்பி. மாதத்தில் 26 வேலை நாள், 2.6 ஜிபி. நாலரை மாதத்தில் டேப் நிரம்பிவிடும். உண்மையில் அதற்கும் முன்னதாகவே தகராறு ஆரம்பிக்கும். காலியிடம் சுமார் 500 எம்பிக்குக் கீழே போனதும் ஆண்ட்ராய்டு எச்சரிக்கை காட்டும், செயலிகளின் அப்டேட் இடமில்லாமல் நிற்கும்.

அந்த 2 எம்பி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை கார்டு இல்லாமலே தீரும். ஆண்ட்ராய்டு வழக்கமாக ஸ்கிரீன்ஷாட்டை பிஎன்ஜி வடிவத்தில் சேமிக்கும். அது ஒரு புள்ளியையும் இழக்காத வடிவம். வெள்ளைப் பின்னணியில் எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள மெஷர்மென்ட் சார்ட் அதில் 200 முதல் 400 கேபிக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் ஒரே நிறம் தொடர்ந்து வரும் இடங்களை பிஎன்ஜி நன்றாகச் சுருக்கும். ஆனால் பூவும் இலையும் நெருக்கமாக வரும் ஆல்ஓவர் பிரிண்ட் டிசைனைப் படமெடுத்தால் சுருக்க எதுவும் இருக்காது, 3 எம்பிக்கு மேலேயும் போகும். அதே திரையை ஜேபிஜியில் சேமித்தால் 1 எம்பிக்குள் வந்துவிடும்.

சாம்சங் டேப்களில் இதை மாற்றலாம். Settings திறந்து Advanced features, அதற்குள் Screenshots என்று தொடங்கும் வரி, அதில் Screenshot format. பிரிண்ட் டிசைன்கள் அதிகம் எடுப்பவருக்கு இது மட்டுமே மாதக் கணக்கைப் பாதிக்குக் கீழே இறக்கும். எழுத்து நிறைந்த பக்கங்கள் எடுப்பவருக்குப் பெரிய லாபமில்லை. பையர் சிவப்பில் எழுதிய சின்னத் திருத்தங்களின் ஓரத்தில் ஜேபிஜி லேசான அழுக்குப் படிய வைக்கும். சார்ட்டில் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சின்ன எழுத்து என்றால் பிஎன்ஜியிலேயே விட்டுவிடுங்கள். (ஷேடு பார்ப்பதற்கு எந்த வடிவமும் உதவாது. அதற்கு லேப் டிப்தான். திரையைப் பார்த்து நிறம் ஓகே சொல்பவரை என்ன சொல்லித் திருத்துவது?)

அதே பக்கத்தில் Save original screenshots என்றொரு சுவிட்சும் இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்தவுடன் ஓரத்தை வெட்டிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முழுப்படம் ஒன்று, வெட்டியது ஒன்று என இரண்டு ஃபைல் விழும். வெட்டி வெட்டி அனுப்புவதே வேலையாக உள்ள டேபில் இது தெரியாமலேயே எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிவிடும்.

இன்னும் இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். நீக்கிய படம் கேலரியின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அடுத்தது வாட்ஸ்அப். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஒரு நகல் `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent` ஃபோல்டரில் விழுகிறது. ஸ்கிரீன்ஷாட்டை எந்த வழியில் கார்டுக்கு அனுப்பினாலும் இந்த நகல் உள் நினைவகத்திலேயேதான் இருக்கும். அதை வாட்ஸ்அப்பின் Storage and data பகுதியில் உள்ள Manage storage வழியாகத்தான் துடைக்கவேண்டும்.

## வழி 1: சேமிக்கும் இடத்தையே கார்டுக்கு மாற்றுவது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், எல்லா டேபிலும் இல்லாததும் இதுதான். ஆண்ட்ராய்டின் அடிப்படை அமைப்பில் இப்படியொரு தேர்வே கிடையாது. டேப் தயாரித்தவர் சேர்த்துக் கொடுத்திருந்தால் உண்டு. சாம்சங்கில் ஒன் யூஐ 5.1 முதல், மேலே சொன்ன அதே பக்கத்தில் Save screenshots in என்ற வரி வந்தது. அதைத் தொட்டால் ஃபோல்டர் தேர்வு திறக்கும். அங்கே உங்கள் கார்டின் பெயர் தெரிந்தால், அதற்குள் ஒரு புதிய ஃபோல்டர் உண்டாக்கி அதைத் தேர்ந்தெடுங்கள். கார்டு அந்தப் பட்டியலில் வராவிட்டால் இந்த வழி உங்கள் டேபுக்கு இல்லை என்று முடிவு கட்டி, அடுத்ததற்குப் போய்விடுங்கள். அதற்காக ரூட் செய்யக் கிளம்ப வேண்டாம். வங்கி, யுபிஐ செயலிகள் பல அந்த டேபில் வேலை செய்ய மறுத்துவிடும்.

மாற்றியபின் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கேலரியில் அதன் விவரத்தைத் திறந்து பாதையைப் பாருங்கள். `/storage/emulated/0/` என்று தொடங்கினால் இன்னும் உள் நினைவகம்தான். `/storage/` அடுத்து `4A21-0F3C` போல எட்டு எழுத்து-எண் வந்தால் கார்டு. அந்த எட்டும் கார்டின் அடையாள எண். பின்னால் இது தேவைப்படும்.

இந்த வழியின் நல்லது, யாரும் எதையும் ஞாபகம் வைக்கவேண்டாம். கெட்டது, ஒவ்வொரு படமும் பிறந்த நொடியிலிருந்தே கார்டில் மட்டும்தான் இருக்கிறது. கார்டு தளர்ந்தாலோ பழுதானாலோ இன்று காலை எடுத்ததும் சேர்ந்து போகும். பனியன் கம்பெனிகளில் பறக்கும் பஞ்சுத் தூசி கார்டு ட்ரேயின் ஓரத்தில் படிவது சாதாரணம். தொடர்பு ஒரு நொடி விட்டுப்போனாலும் டேப் "கார்டு நீக்கப்பட்டது" என்று சொல்லும். அதற்குப் பிறகு எடுக்கும் படம் எங்கே விழுகிறது என்று ஒருமுறை பாதையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவேண்டும். மென்பொருள் அப்டேட் வந்த பிறகும் அப்படியே.

இது யாருக்கு? எடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோகும் படங்களே அதிகம் உள்ளவருக்கு. உதாரணமாக ஈரோடு மஞ்சள் மண்டிக் கடையில் அன்றன்றைய விலைப்பட்டியலைப் படமெடுத்துக் குழுவில் போடுபவருக்கு. நாளைக்கு அந்தப் படம் போனாலும் நட்டமில்லை.

கார்டில் நேரடியாகச் சேமிக்கும் வெளிச் செயலிகளும் கிடைக்கின்றன. அவற்றுக்குத் திரையையே பதிவுசெய்யும் அனுமதி கொடுக்கவேண்டும், ஆண்ட்ராய்டு 14 முதல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்த அனுமதியைக் கேட்கும். பையரின் விலை விவரங்கள் ஓடும் திரையை முன்பின் தெரியாத செயலிக்குத் திறந்து விடுவதைப் பரிந்துரைக்க முடியாது.

## வழி 2: கையால் நகர்த்துவது

எந்த டேபிலும் நடக்கும், கூடுதலாக ஒன்றும் நிறுவவேண்டாம். கூகுளின் ஃபைல்ஸ் செயலியிலோ டேபோடு வந்த ஃபைல் மேனேஜரிலோ Screenshots ஃபோல்டரைத் திறந்து, படங்களைத் தேர்ந்தெடுத்து, Move to என்று கொடுத்து, கார்டில் மாதப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இறக்குங்கள். `2025-06` என்று ஆண்டு முதலில் வருகிற மாதிரிப் பெயர் வைத்தால் ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். 2.6 ஜிபி என்றால் 1,300 படங்கள். விநாடிக்கு 10 எம்பி எழுதும் சாதாரணக் கார்டில் அது நாலைந்து நிமிடத்துக்குக் குறையாது, சின்னச் சின்ன ஃபைல்கள் என்பதால் கூடத்தான் ஆகும். நடுவில் திரை அணைந்து செயலி பின்னுக்குப் போனாலோ, யாராவது வேறு வேலைக்கு டேபை எடுத்தாலோ, பாதி அங்கே பாதி இங்கே என்று நிற்கும். அதனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்காமல் இருநூறு முந்நூறாக நகர்த்துங்கள். முக்கியமானவை என்றால் நகர்த்தாமல் நகலெடுத்து, கார்டில் இரண்டு மூன்று படங்களைத் திறந்து பார்த்து, எண்ணிக்கை சரியா என்று ஒப்பிட்டு, பிறகு மூலத்தை நீக்குங்கள். வேறு நினைவகத்துக்கு நகர்த்தும்போது மூலப்படம் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது.

இரண்டாவது சிக்கல் தேதி. நகர்த்திய பிறகு சில கேலரிகளில் பழைய படங்கள் எல்லாம் இன்றைய தேதியில் வந்து குவியும். கார்டில் எழுதப்பட்ட நாளை அது படத்தின் நாளாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். படம் கெடவில்லை. ஃபைலின் பெயரிலேயே `Screenshot_20250612_101533` என்று எடுத்த நாளும் நேரமும் இருக்கும், அந்தப் பெயரை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். ஃபைல் மேனேஜரில் பெயர்வாரியாக அடுக்கினால் கால வரிசையும் தானாக வந்துவிடும். அப்ரூவல் எந்தத் தேதியில் வந்தது என்று ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

ஒரே ஆள் கையாளும் டேபுக்கும், ஆர்டர்வாரியாகப் பிரித்து வைக்க ஆசைப்படுபவருக்கும் இதுவே போதும். மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் மேலே சொன்ன கணக்கில் உள் நினைவகம் 3 ஜிபிக்கு மேல் ஏறாது.

## வழி 3: தானாக நகர்த்தும் செயலி

எடுக்கும்போது உள் நினைவகத்தில் விழட்டும், இரவில் செயலி அதைக் கார்டுக்குக் கொண்டுபோகட்டும். பல பேர் கையாளும் ஆபீஸ் டேபுக்கு என் தேர்வு இதுதான். கார்டு அன்று வேலை செய்யாவிட்டால் படம் உள்ளேயே காத்திருக்கும், அடுத்த நாள் போகும். எடுத்த கணத்தில் எதுவும் தொலைவதில்லை.

ஃபோல்டர்சிங்க் போன்ற செயலி இதற்குப் போதும். ஏற்பாடு இவ்வளவுதான். இடப்பக்கம் மூல ஃபோல்டர், அதாவது DCIM/Screenshots அல்லது Pictures/Screenshots. வலப்பக்கம் கார்டில் நீங்கள் உண்டாக்கிய ஃபோல்டர். கார்டில் எழுத ஆண்ட்ராய்டு தனியாக அனுமதி கேட்கும். அப்போது திறக்கும் ஃபோல்டர் தேர்வில் கார்டுக்குள் போய் அந்த ஃபோல்டரைக் காட்டி ஒப்புதல் தரவேண்டும். வெறும் "அனுமதி" பொத்தானை மட்டும் அழுத்தினால் எழுதாது. நேரம், ஆபீஸ் முடிந்தபின் டேப் சார்ஜில் இருக்கும் வேளை, இரவு 9:30 என்று வையுங்கள்.

இங்கேதான் கவனம். திசை ஒருவழியாக இருக்கவேண்டும், இடமிருந்து வலம். இருவழி என்று வைத்தால் ஒரு பக்கம் நீக்கியது மறுபக்கமும் நீங்கும். அதைவிட நயவஞ்சகமானது, "நீக்கியவற்றையும் ஒத்திசை" என்கிற விருப்பம். ஒருவழியாகவே இருந்தாலும் அது இயங்கினால், நீங்கள் டேபில் இடம் வேண்டும் என்று மூலப்படங்களைத் துடைத்த அன்று இரவே செயலி கார்டில் இருப்பதையும் துடைத்துவிடும். மூலத்தில் இல்லாதது இங்கேயும் இருக்கக்கூடாது என்றுதான் அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். நகலெடுத்தபின் மூலத்தை நீக்கும் விருப்பத்தை மட்டும் இயக்குங்கள், அதையும் முதல் வாரம் இயக்க வேண்டாம். ஒரு வாரம் வெறும் நகல் மட்டும் போகட்டும். கார்டில் எண்ணிக்கை சரியாக ஏறுகிறது என்று பார்த்தபின் மூலத்தை நீக்கவிடுங்கள். படத்தின் வயதை வைத்து வடிகட்ட முடிந்தால் 7 நாள் பழையதை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். இந்த வாரத்து மெஷர்மென்ட் சார்ட் பழைய இடத்திலேயே கைக்கெட்டும்.

இரண்டு நாள் ஓடி மூன்றாம் நாள் நின்றுபோனால், பெரும்பாலும் டேபின் பேட்டரிச் சிக்கனம்தான் செயலியைத் தூங்க வைத்திருக்கும். Settings, Apps, அந்தச் செயலி, Battery, அதில் Unrestricted என்று வையுங்கள். கார்டை ஃபார்மேட் செய்தாலோ புதுக் கார்டு போட்டாலோ அந்த எட்டு எழுத்து அடையாள எண் மாறிவிடும். செயலி பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும், ஒன்றும் நகராது. வலப்பக்க ஃபோல்டரை மறுபடி தேர்ந்தெடுத்து அனுமதியும் மறுபடி தரவேண்டும்.

இதன் மறைவான செலவு, கண்காணிப்பு. தானாக நடக்கிறது என்று நம்பி யாரும் பார்க்காமல் விட்டால், நின்றுபோனதே டேப் நிரம்பும்போதுதான் தெரியும். மாத முதல் வேலை நாளில் கார்டில் கடைசிப் படத்தின் தேதியை ஒருதரம் பார்த்தால் போதும்.

## வழி 4: கார்டையே உள் நினைவகமாக்குவது

ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி இருக்கிறது, ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் கொடுப்பதில்லை. சாம்சங் தன் அமைப்புகளில் காட்டுவதில்லை. உங்கள் டேபில் இருந்தால், கார்டைப் போட்டவுடன் "வெளிச் சேமிப்பாகவா, டேபின் கூடுதல் நினைவகமாகவா" என்று கேட்கும். இரண்டாவதைக் கொடுத்தால் கார்டு முழுவதும் அழிக்கப்பட்டு, அந்த டேபுக்கு மட்டும் புரியும்படி குறியாக்கம் செய்யப்படும். அதன்பின் உள்ளடக்கத்தைக் கார்டுக்கு மாற்றவா என்று கேட்கும்போது சரி என்றால், `/storage/emulated/0` என்கிற முதன்மை முகவரியே கார்டுக்குப் போய்விடும். ஸ்கிரீன்ஷாட், டவுன்லோடு, வாட்ஸ்அப் படங்கள் எல்லாமே இனி அங்கேதான் விழும்.

கேட்க நன்றாயிருக்கிறது. விலை என்னவென்றால், அந்தக் கார்டை வேறு எந்தக் கணினியிலும் படிக்க முடியாது. திறவுகோல் டேபுக்குள் இருக்கிறது. டேப் உடைந்தாலும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், கார்டு நல்ல நிலையில் இருந்தும் படங்கள் போயின. ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டைக் கழற்றினால் ஸ்கிரீன்ஷாட் மட்டுமல்ல, டவுன்லோடும் நிற்கும். மெதுவான கார்டு என்றால் டேபே இழுத்து இழுத்து ஓடும். அமைக்கும்போதே கார்டின் வேகத்தைச் சோதித்து, மெதுவாக இருந்தால் ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

16 ஜிபி பழைய டேப், செயலி நிறுவவே இடமில்லை, அதில் முக்கியமான ஆவணம் எதுவும் இல்லை என்றால் இது சரி. ஆபீஸ் ஆதாரங்கள் உள்ள டேபுக்கு வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | இடம் மாற்றுவது | கையால் | தானாக | உள் நினைவகமாக்குவது |
|---|---|---|---|---|
| எந்த டேபில் | சிலவற்றில் | எல்லாவற்றிலும் | எல்லாவற்றிலும் | சிலவற்றில் |
| ஞாபகம் வைக்க | வேண்டாம் | மாதம் ஒருமுறை | மாதம் ஒரு பார்வை | வேண்டாம் |
| கார்டு செத்தால் | இன்றைய படமும் போகும் | நகர்த்தியவை போகும் | நகர்த்தியவை போகும் | கார்டில் இருந்த எல்லாம் போகும், டேபும் தடுமாறும் |
| வேறு கணினியில் படிக்க | முடியும் | முடியும் | முடியும் | முடியாது |
| பொருந்துவது | அன்றன்றே முடியும் படம் | ஒரு ஆள் டேப் | பொது டேப் | சின்ன, பழைய டேப் |

ஐபேட் வைத்திருப்பவருக்கு இந்த அட்டவணையே இல்லை, அதில் கார்டு போடும் இடமே கிடையாது. கூகுள் போட்டோசில் ஏற்றிவிட்டு டேபில் நீக்குவதும் ஒரு வழிதான், ஆனால் 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள் 15 ஜிபி இலவச அளவுக்குள் எண்ணப்படுகின்றன. மாதம் 2.6 ஜிபி என்றால் ஆறு மாதம்கூட வராது, மின்னஞ்சலும் அதே அளவைத்தான் பகிர்கிறது.

## கார்டு வாங்கும்போது

மேலே சொன்ன கணக்குக்கு 64 ஜிபி போதும். பல டேப்களில் அது 59 ஜிபி அளவில் தெரியும், அது ஏமாற்றமல்ல, எண்ணும் முறையின் வித்தியாசம். மாதம் 2.6 ஜிபி என்றால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். முதல் மூன்று வழிகளுக்கு 10 என்ற வகுப்புக் குறி உள்ள கார்டே போதுமானது. நான்காவதற்குப் போவதென்றால் ஏ1 அல்லது ஏ2 குறி கட்டாயம். அது சின்னச் சின்ன ஃபைல்களைச் சிதறலாகப் படித்து எழுதும் வேகத்துக்கான குறி, செயலிகளுக்கு அதுதான் வேண்டும்.

போலிக் கார்டுதான் பெரிய பள்ளம். 64 என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும். முதல் மூன்று மாதம் எல்லாம் சரியாக ஓடும், 8 ஜிபி தாண்டியதும் பெயர் இருக்கும், படம் சாம்பல் கட்டமாகத் தெரியும். வாங்கிய அன்றே, படம் எதுவும் போடும் முன், கார்டு ரீடரில் வைத்து முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். விண்டோசில் H2testw, லினக்சில் f3 நிறுவிவிட்டு இப்படி:

```
f3write /media/card
f3read /media/card
```

இரண்டாவது கட்டளையின் முடிவில் இழந்த தரவு சுழியம் என்று வந்தால் நல்ல கார்டு. `/media/card` இருக்குமிடத்தில் உங்கள் கணினியில் கார்டு ஏறியிருக்கும் பாதையைப் போடுங்கள். முழுக் கார்டையும் எழுதிப் படிப்பதால் மணிக்கணக்கில் ஆகலாம். திருப்பித் தரும் நாளுக்குள் செய்துவிடுங்கள்.

நல்ல கார்டும் ஒருநாள் தேயும். அதன் அறிகுறி பெரும்பாலும் இப்படி வரும்: கார்டில் சில படங்களை நீக்குவீர்கள், நீங்கியதாகக் காட்டும், டேபை அணைத்துப் போட்டதும் அதே படங்கள் திரும்ப வந்து நிற்கும். கார்டு தன்னை எழுத முடியாதபடி பூட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது ஃபார்மேட் செய்து பார்க்காதீர்கள், அதுவும் நடக்காது. படிப்பது மட்டும் இன்னும் வேலை செய்யும். அன்றைக்கே கார்டைக் கழற்றி, ரீடரில் போட்டு, மாத ஃபோல்டர்களைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, புதுக் கார்டில் செயலியின் வலப்பக்க ஃபோல்டரை மறுபடி காட்டிவிடுங்கள்.